காய்ச்சல் வந்தால் பேராசிரியருக்கு என்ன எழுதுவது?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் விடுப்புக் கடிதம் எழுதத் தெரியும். அனுப்புநர், பெறுநர், ‘எனக்குக் காய்ச்சல் என்பதால் இரண்டு நாள் விடுப்பு தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’, இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன், ஓரத்தில் அப்பாவின் கையெழுத்து. கல்லூரிக்குப் போனால் அப்பா கையெழுத்து இருந்த இடத்தில் கிளாஸ் அட்வைசர் கையெழுத்தும் எச்.ஓ.டி. கையெழுத்தும் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கடிதத்தை யாரும் படிப்பதில்லை என்பதும் நமக்குத் தெரியும். அது கோப்பில் போக வேண்டிய தாள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள உதவும் தாள்.

இந்தப் பழக்கத்தோடு எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறவருக்கு முதல் செமஸ்டரிலேயே சோதனை வந்துவிடுகிறது. ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்குகிறது. அக்டோபரில் குளிர் ஆரம்பித்து, கூடவே ஃப்ளூவும் சுற்றத் தொடங்கும்போது மிட்டெர்ம் தேர்வுகளும் வாராந்திர ஹோம்வொர்க்குகளும் ஒன்றாக வந்து விழுகின்றன. வகுப்புக்கு வராததை அங்கே பெரும்பாலான பேராசிரியர்கள் கண்டுகொள்வதில்லை. கணக்கு வைத்துக்கொள்வது வேறு ஒன்றுக்கு. வெள்ளி இரவு 11.59க்குக் கொடுக்க வேண்டியதை எப்போது கொடுத்தீர்கள் என்பதற்கு. ஆகவே அங்கே கேட்க வேண்டியது விடுப்பு அல்ல, அவகாசம். கேட்க வேண்டிய ஆளும் முறையும் தொனியும்கூட வேறு.

உடம்பு அனலாய்க் கொதிக்க, அறையில் தனியாகப் படுத்திருக்கும் மாணவர் லேப்டாப்பைத் திறந்து எழுதும் முதல் மெயில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எழுதுவது ஆங்கிலத்தில்தான். பொருளைத் தமிழில் தருகிறேன்.

“மதிப்பிற்குரிய ஐயா, நான் உங்கள் வகுப்பு மாணவன். கடந்த சில நாட்களாக எனக்குக் கடுமையான காய்ச்சல், தலைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு. எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. இந்த ஊரில் எனக்கென்று யாரும் இல்லை. அதனால் அசைன்மென்ட்டை முடிக்க முடியவில்லை. என் நிலைமையைப் புரிந்துகொண்டு, கருணை கூர்ந்து அவகாசம் தர வேண்டுகிறேன். இல்லையென்றால் என் மதிப்பெண் பாதிக்கப்படும், ஸ்காலர்ஷிப்பும் போய்விடும். தங்களுடைய சாதகமான பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்.”

இதில் பொய் ஒன்றுமில்லை. மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிற பேராசிரியரால் உடனே பதில் போட முடியாது. அவர் அந்த செமஸ்டரில் இரண்டு பாடம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 140 பேர், இன்னொன்றில் 30 பேர். எழுதியவர் எந்த வகுப்பு என்று தெரியவில்லை. எந்த அசைன்மென்ட் என்று தெரியவில்லை. எதுவரை அவகாசம் வேண்டும் என்று தெரியவில்லை. வயிற்றுப்போக்கு மட்டும் தெரிகிறது. திருப்பிக் கேட்டு ஒரு மெயில் எழுதினால்தான் முடிவெடுக்க முடியும். கேட்க நேரமில்லாததால் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்கி வைக்கிறார். பிறகு பார்க்கும்போது கெடு முடிந்து ஒரு நாள் ஆகியிருக்கும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. பேராசிரியர் அந்த மெயிலைப் படிக்கும்போது ‘இந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே காய்ச்சலா?’ என்று யோசித்துக்கொண்டிருப்பதில்லை. பெரும்பாலும் நம்பிவிடுவார். அவர் மனசில் ஓடுவது வேறு கணக்கு. திங்கள்கிழமை காலையில் விடைத்தாளை வெளியிடுவதாக வகுப்பில் சொல்லியிருக்கிறார். வெளியிட்ட பிறகு ஒருவர் ஹோம்வொர்க் கொடுத்தால் அதற்கு மதிப்பெண் போடுவது எப்படி? தாள் திருத்தும் டி.ஏ.க்கள், அதாவது உதவி ஆசிரியர்களாக வேலை பார்க்கும் மூத்த மாணவர்கள், சனி ஞாயிறில் உட்கார்ந்து திருத்தி முடித்துவிடுவார்கள். ஒரே ஒரு தாளுக்காக அவர்களை மறுபடி உட்காரச் சொல்ல வேண்டும். போன வாரம் இன்னொருவர் கேட்டதற்கு மறுத்திருந்தால், இவருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? கேன்வாஸ் போன்ற மென்பொருளில் அந்த ஒரு மாணவருக்கு மட்டும் கெடுவைத் தனியாக மாற்றியும் வைக்க வேண்டும். கெடு முடிந்ததும் பூட்டிக்கொள்ளும்படி அமைத்திருந்தால், மாற்றாதவரை அந்த மாணவரால் எதையும் பதிவேற்ற முடியாது.

ஆகவே அவருக்கு வேண்டியது நோயின் விவரமில்லை, நாளின் விவரம். திங்கள் காலைக்கு முன்னால் கிடைக்குமா, பின்னால்தான் கிடைக்குமா? எந்த ஹோம்வொர்க்? எவ்வளவு முடிந்திருக்கிறது? இவை மெயிலில் இருந்தால், படித்த கையோடு ‘சரி, திங்கள் வரை எடுத்துக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று ஒரு வரி தட்டிவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடலாம். நல்ல மெயில் என்பது ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய மெயில்.

எழுத உட்கார்வதற்கு முன் திறக்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. அதுதான் சிலபஸ். நம் ஊரில் சிலபஸ் என்றால் ஐந்து யூனிட் பாடத்திட்டம். அங்கே செமஸ்டரின் முதல் நாளில் தரப்படும் சிலபஸில் பாடத்திட்டத்தோடு அந்த வகுப்பின் சட்டதிட்டங்கள் முழுவதும் இருக்கும். தாமதமாகக் கொடுத்தால் ஒரு நாளைக்கு எத்தனை சதவீதம் கழிப்பார்கள், அவகாசம் வேண்டுமென்றால் எத்தனை மணி நேரத்துக்கு முன் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் எல்லாம் எழுதியிருக்கும். பெரிய வகுப்புகளில் பேராசிரியருக்கு எழுதாதே, தலைமை டி.ஏ.வுக்கு எழுது அல்லது இந்தப் படிவத்தை நிரப்பு என்று சொல்லியிருப்பார்கள். அதைப் படிக்காமல் பேராசிரியருக்கு உருக்கமாக எழுதினால், ‘சிலபஸைப் பார்’ என்று இரண்டு சொல்லில் பதில் வரும். அதில் கோபம் எதுவும் இருக்காது. ஆனாலும் காய்ச்சலில் கிடப்பவருக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

கணினிப் பாடங்களில் பெரும்பாலும் ‘லேட் டே’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. செமஸ்டர் முழுவதுக்கும் சேர்த்து மூன்றோ நான்கோ நாட்களை மாணவர் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்த ஹோம்வொர்க்குக்கு வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், யாரையும் கேட்காமல் செலவழித்துக்கொள்ளலாம். அவை மிச்சமிருக்கும்போது காய்ச்சலுக்காக மெயில் எழுதவே தேவையில்லை. பாதிப்பேர் இவற்றை செப்டம்பரிலேயே, ஊர் சுற்றிப் பார்க்கும் வேகத்தில் கரைத்துவிட்டு அக்டோபரில் ஃப்ளூவோடு வந்து நிற்பார்கள் என்பது பேராசிரியர்களுக்கும் தெரியும்.

இப்போது மெயிலுக்கு வருவோம். நிலைமை இதுதான். புள்ளியியல் 501 வகுப்பு. நான்காவது ஹோம்வொர்க்கில் நான்கு கணக்குகள். கெடு வெள்ளி இரவு 11.59. புதன்கிழமை காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை மதியம் மாணவர் சுகாதார மையத்தில் பார்த்து ஃப்ளூ என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு கணக்கு முடிந்தது, இரண்டு பாக்கி. வியாழன் மாலை எழுதும் மெயில் இப்படி இருக்கலாம்.

பொருள் வரி: புள்ளியியல் 501, ஹோம்வொர்க் 4: உடல்நலக் குறைவால் திங்கள் வரை அவகாசம் கோரி

“டியர் புரொஃபசர் (அவருடைய கடைசிப் பெயர்),

நான் உங்கள் புள்ளியியல் 501 வகுப்பில், செவ்வாய் - வியாழன் காலைப் பிரிவில் படிக்கிறேன். புதன்கிழமையிலிருந்து எனக்கு ஃப்ளூ காய்ச்சல். இன்று மாணவர் சுகாதார மையத்தில் பார்த்தேன். சனிக்கிழமை வரை ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வெள்ளி இரவு கொடுக்க வேண்டிய ஹோம்வொர்க் 4-இல் முதல் இரண்டு கணக்குகளை முடித்திருக்கிறேன். மற்ற இரண்டையும் முடித்து, முழுவதையும் திங்கள் இரவு 11.59க்குள் கொடுக்க அனுமதிக்க முடியுமா? எனக்கிருந்த லேட் டேக்களை முன்பே பயன்படுத்திவிட்டேன்.

விடைகளை அதற்கு முன்பே வெளியிடுவதாக இருந்தால், முடித்த வரையில் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுகிறேன். சுகாதார மையத்துக்குப் போனதற்கான பதிவு தேவையென்றால் அனுப்புகிறேன்.

நன்றி.”

கீழே பெயர், மாணவர் எண். மெயில் அவ்வளவுதான்.

முதல் மெயிலை விட இதில் பணிவான சொற்கள் குறைவு. கருணை இல்லை, கெஞ்சல் இல்லை, ‘தங்கள் கீழ்ப்படிந்துள்ள’ இல்லை. ஆனாலும் படிப்பவருக்கு இதுதான் மரியாதையான மெயிலாகத் தோன்றும். அவருடைய நேரத்தையும், விடை வெளியிடும் கால அட்டவணையையும், மறுக்கும் உரிமையையும் இது கணக்கில் எடுத்திருக்கிறது. முதல் மெயிலில் ஸ்காலர்ஷிப் போய்விடும் என்று எழுதியிருந்தோமே, நம் காதுக்கு அது பரிதாபம். அவர் காதுக்கு ‘நீ மறுத்தால் என் வாழ்க்கை கெட்டது உன்னால்’ என்று பழி சுமத்துவதாகக் கேட்கும். கெஞ்சலிலும் ஒரு வற்புறுத்தல் இருக்கிறது. கடன் கேட்டு வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதால் கொடுப்பவருக்கு எரிச்சல் வருவதில்லையா, அந்த மாதிரி.

இன்னொரு பக்கம், பணிவு என்று நினைத்து நாம் எழுதுவது அதிகாரமாகப் போய்ச் சேருவதும் உண்டு. நம் அலுவலகங்களில் ‘கைண்ட்லி எக்ஸ்டெண்ட் தி டெட்லைன்’ என்று எழுதினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்கப் பேராசிரியருக்கு அது கெடுவை நீட்டித்துவிடு என்ற உத்தரவாகத்தான் படும், கைண்ட்லி முன்னால் இருந்தாலும். ‘முடியுமா?’ என்று கேள்விக்குறியோடு முடித்தால் போதும். ‘சாதகமான பதிலை எதிர்பார்க்கிறேன்’ என்பதும் அப்படித்தான். பதிலை அவருக்கு முன்பே நாம் எழுதிக்கொடுப்பது போல ஆகிவிடும்.

விளிப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பெண் பேராசிரியருக்கு ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று போகும் மெயில்கள் ஒவ்வொரு செமஸ்டரும் உண்டு. பழக்க தோஷம்தான், ஆனால் யாருக்கு எழுதுகிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை என்று அவர் நினைப்பார். புரொஃபசர் என்பதோடு கடைசிப் பெயரைச் சேர்த்தால் ஆண், பெண், திருமணமானவர், ஆகாதவர் என்ற எந்தச் சிக்கலும் இல்லை. அவர் தன் பதிலில் முதல் பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டால், அடுத்த மெயிலில் அந்தப் பெயரையே வைத்து எழுதலாம். நம்மில் பலருக்குக் கை வராது. புரொஃபசர் என்றே தொடர்ந்தாலும் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

நம் பெயர்தான் இதைவிடப் பெரிய தலைவலி. தமிழ்நாட்டு மாணவர்களின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும். ஆகவே பேராசிரியரின் வகுப்புப் பட்டியலில் அப்பா பெயர்தான் முதலில் நிற்கும். அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பி, கொடுத்த பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயருக்குப் பதில் FNU என்று போட்டுவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. பல்கலைக்கழகக் கணினியிலும் அதுவே ஏறிவிடும். மாணவர் மெயிலில் வீட்டுப் பெயரை எழுதுகிறார், பட்டியலில் அப்படி ஒருவரும் இல்லை. பேராசிரியர் தேடிப் பார்த்துவிட்டு, வேறு வகுப்புக்கு எழுத வேண்டியதைத் தனக்கு எழுதிவிட்டாரோ என்று விட்டுவிடலாம். பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரையும் மாணவர் எண்ணையும் கீழே எழுதுவதும், பல்கலைக்கழக மெயில் முகவரியிலிருந்து அனுப்புவதும் இதற்காகத்தான். பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கிய சொந்த ஜிமெயிலிலிருந்து போனால் ஸ்பாமில் போய்க் கிடக்கவும் வாய்ப்புண்டு.

நோயை ஒரு வாக்கியத்தில் முடித்திருக்கிறோம். ஃப்ளூ, டெங்கு, உணவு நஞ்சு என்று பெயர் தெரிந்தால் சொல்லலாம். சொல்ல விருப்பமில்லை என்றால் ‘உடல்நலக் காரணம், மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று எழுதினால் போதும். மாதவிடாய் வலி, மன அழுத்தம், கருச்சிதைவு என்று எதையும் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எத்தனை முறை வாந்தி எடுத்தோம் என்பதை அவர் தெரிந்துகொண்டு ஒன்றும் செய்யப்போவதில்லை. தெர்மாமீட்டரைப் படம் எடுத்து இணைக்கவும் வேண்டாம்.

கேட்கும் நாளைத்தான் யோசித்து எழுத வேண்டும். ‘சில நாள் அவகாசம்’ என்று எழுதினால் முடிவை அவர் தலையில் தள்ளுகிறோம். பாதுகாப்புக்காக ஒரு வாரம் என்று கேட்டால் அடுத்த ஹோம்வொர்க்கின் கெடுவோடு மோதும், இரண்டும் கெடும். மேலே சொன்ன உதாரணத்தில் திங்கள் எப்படி வந்தது? சனிக்கிழமை வரை ஓய்வு. பாக்கியுள்ள இரண்டு கணக்குக்கு, நல்ல உடம்போடு உட்கார்ந்தால் ஒரு மாலை போதும். காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு நாள் தலை கனமாகத்தான் இருக்கும் என்பதால் இரண்டு நாளாக வைத்துக்கொண்டோம். ஞாயிறு ஒன்று, திங்கள் ஒன்று. இதைவிடக் குறைவாகக் கேட்டு வீரம் காட்டினால், ஞாயிறு இரவு இரண்டாவது மெயில் எழுத வேண்டி வரும். முதல் அவகாசம் எளிதில் கிடைக்கும். அதே ஹோம்வொர்க்குக்கு இரண்டாவது முறை கேட்கும்போது பேராசிரியரின் முகம் மாறியிருக்கும்.

எப்போது அனுப்புவது என்பதும் தொனியில் சேர்த்திதான். வியாழன் மாலை அனுப்பிய மெயில் திட்டமிடுகிறது. வெள்ளி இரவு 11.40க்கு அனுப்பியது பதறுகிறது. சனிக்கிழமை காலையில் அதே சொற்களோடு போனால் சாக்குச் சொல்வதாகத் தோன்றும். நிஜமாகவே மயங்கிக் கிடந்து கெடு தாண்டிவிட்டது என்றால் மறைக்கத் தேவையில்லை. ‘வெள்ளியன்று அவசர சிகிச்சைக்குப் போயிருந்தேன், அதனால் முன்பே எழுத முடியவில்லை’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டுக் கேட்கலாம். அந்த நிலைமையில் சுகாதார மையத்தின் பதிவையும் கூடவே இணைத்துவிடுவது நல்லது.

சான்றிதழ் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் தெருமுனை கிளினிக்கில் மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்குவது எவ்வளவு சுலபம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அதற்கு இங்கே மதிப்பும் இல்லை. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களின் சுகாதார மையங்கள் சாதாரணக் காய்ச்சலுக்கு வகுப்புச் சான்று தருவதில்லை என்பதையே கொள்கையாக வைத்திருக்கின்றன. சளிக்காரர்கள் எல்லாம் சீட்டுக்காக வரிசையில் நின்றால் நிஜ நோயாளியைப் பார்க்க முடியாது என்பது அவர்கள் நியாயம். இந்த நாளில் வந்து போனார் என்ற பதிவு வேண்டுமானால் கிடைக்கும். ஆகவே கேட்காமலே சான்றை இணைக்க ஓட வேண்டாம், தேவையென்றால் தருகிறேன் என்ற வரி போதும். ஊரிலிருக்கும் மாமா மூலம் தெரிந்த டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பும் எண்ணம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். தேர்வில் காப்பியடிப்பதை விசாரிக்கும் அதே ஒழுங்குக் குழுதான் போலிச் சான்றையும் விசாரிக்கும்.

பொய்க் காரணம் சொல்வது நம்முடைய தனிச் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். தேர்வு நெருங்கினால் மாணவர்களின் பாட்டிகள் இறந்துபோவதைப் பற்றி அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற கேலிக் கட்டுரையே இருக்கிறது. கிழக்கு கனெக்டிகட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் மைக் ஆடம்ஸ் எழுதியது. அறிவியல் நகைச்சுவைக்கென்றே வெளிவரும் ஓர் இதழ் 1999-இல் அதை வெளியிட்டது. மிட்டெர்மை விட இறுதித் தேர்வு பாட்டிகளுக்கு ஆபத்தானது, மாணவரின் மதிப்பெண் மோசமாக இருந்தால் பாட்டிக்கு இன்னும் ஆபத்து என்று ஆய்வுக் கட்டுரை பாணியிலேயே எழுதியிருப்பார். பேராசிரியர்கள் இதைப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். நிஜமாகவே பாட்டியை இழந்து எழுதும் மாணவருக்கு இதனால் வரும் சங்கடம் வேறு கதை.

அனுப்பியாகிவிட்டது, பதில் வரவில்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கேட்டுவிட்டோமே, மௌனம் சம்மதம் என்று நினைத்துக் கெடுவைத் தாண்ட விட்டுவிடுகிறார்கள். மௌனம் அங்கே சம்மதம் இல்லை. அவர் மாநாட்டுக்குப் போன விமானத்தில் இருக்கலாம். வெள்ளி இரவுக்குள் பதில் வராவிட்டால், முடிந்த இரண்டு கணக்கையும் பதிவேற்றிவிட வேண்டும். கேன்வாஸிலும் கிரேட்ஸ்கோப்பிலும், ஆசிரியர் தடுத்து வைக்காதவரை, மறுபடி பதிவேற்றலாம். பிறகு அனுமதி வந்தால் முழுவதையும் ஏற்றிக்கொள்ளலாம், வராவிட்டால் பாதி மதிப்பெண்ணாவது கையில் நிற்கும். ஒரு வேலை நாள் கழித்து, அதே மெயிலின் தொடர்ச்சியாக இரண்டு வரியில் நினைவூட்டலாம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ‘ஜென்டில் ரிமைண்டர்’ அனுப்புவது வேண்டாம்.

சம்மதம் வந்தால் நன்றி சொல்லி ஒரு வரி, பிறகு சொன்ன நாளில் சொன்னதைக் கொடுப்பது. மறுத்தால், ‘புரிகிறது, பதிலுக்கு நன்றி, முடித்த வரையில் கொடுக்கிறேன்’ என்று விட்டுவிடுவதே நல்லது. வழக்காடினால் அந்த ஹோம்வொர்க்கின் ஐந்து மதிப்பெண்ணுக்காக, நாளைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டியவரைப் பகைத்துக்கொள்வோம். குழுவாகச் செய்யும் புராஜெக்ட் என்றால் பேராசிரியருக்கு எழுதுவதற்கு முன்பே குழுவினரிடம் சொல்லிவிட வேண்டும். அவகாசம் கேட்டது அவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் காய்ச்சலைவிட அது பெரிய சண்டையாகிவிடும்.

இதே மாணவர் இங்கிலாந்தில் இருந்தால் இந்த மெயிலுக்கு அவ்வளவு பயனில்லை. அங்கே பல பல்கலைக்கழகங்களில் பாடம் எடுப்பவருக்கு அவகாசம் தரும் அதிகாரமே கிடையாது. ‘எக்ஸ்டென்யுவேட்டிங்’ அல்லது ‘மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்ஸஸ்’ என்ற பெயரில் ஒரு படிவம் இருக்கும், அதைத் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பேராசிரியருக்கு எழுதினால் அனுதாபமும் அந்தப் படிவத்தின் இணைப்பும் திரும்பி வரும்.

இதுவரை சொன்னது நாலைந்து நாள் காய்ச்சலுக்கு. டெங்கு, அறுவை சிகிச்சை, எழுந்திருக்க விடாத மனச்சோர்வு என்று வாரக்கணக்கில் நீண்டால், நான்கு பேராசிரியர்களுக்கும் தனித்தனியாக மெயில் எழுதிக்கொண்டிருப்பது வீண். டீன் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் அலுவலகம் என்று ஒன்று இருக்கும். அங்கே ஆவணங்களைக் காட்டினால், நோய் என்னவென்று சொல்லாமலே எல்லாப் பேராசிரியர்களுக்கும் அவர்கள் அறிவிப்பு அனுப்புவார்கள். பேராசிரியருக்கும் அது நிம்மதி, உண்மையா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலை அவருக்கு இல்லை. பாடத்தின் பெரும்பகுதி முடிந்து கடைசியில் விழுந்தவர்களுக்கு ‘இன்கம்ப்ளீட்’ என்ற தற்காலிக கிரேடு போட்டு, மிச்சத்தை அடுத்த செமஸ்டரில் முடிக்கச் சொல்வதும் உண்டு.

பிள்ளை படுக்கையில் கிடக்கிறது என்று தெரிந்ததும் மதுரையிலிருந்து அப்பா நேரடியாகப் பேராசிரியருக்கு மெயில் போடுவதும் நடக்கிறது. தவிப்பு புரிகிறது. ஆனால் 1974-இல் வந்த ஃபெர்பா என்ற சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவரின் படிப்பு விவரங்கள் மீதான உரிமை மாணவருடையது, பெற்றோருடையது அல்ல. மாணவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அப்பாவிடம் பேசப் பேராசிரியர் பொதுவாக முன்வர மாட்டார். பிள்ளை போனை எடுக்கவில்லை, நிஜமாகவே பயமாக இருக்கிறது என்றால் டீன் அலுவலகத்தையோ பல்கலைக்கழகக் காவல் பிரிவையோ அழைத்து அறைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லலாம். அதைச் செய்வார்கள்.

உடம்பு முடியவில்லை என்று ஒரு பாடத்தை விட்டுவிடும் யோசனை வந்தால் பேராசிரியருக்கு எழுதுவதற்கு முன் போக வேண்டிய இடம் வெளிநாட்டு மாணவர் அலுவலகம். எஃப்-1 விசாவில் இருப்பவர் முழுநேரப் படிப்புக்கான கிரெடிட்டுகளை எடுத்திருக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் எம்.எஸ். மாணவருக்கு அது 9 கிரெடிட். பேராசிரியர் ‘தாராளமாக விட்டுவிடு, உடம்புதான் முக்கியம்’ என்று நல்ல மனதோடு சொல்வார், அவருக்கு விசா விதி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு பாடத்தை விட்டதும் 9 என்பது 6 ஆகும், விசா நிலை கேள்விக்குள்ளாகும். மருத்துவக் காரணத்துக்காகக் குறைவாகப் படிக்க விதியில் இடமுண்டு, ஒரே படிப்பு நிலையில் மொத்தம் 12 மாதங்கள் வரை. அதற்கு மருத்துவரின் கடிதம் வேண்டும், டி.எஸ்.ஓ. எனப்படும் அந்த அலுவலகத்தின் அதிகாரி முதலில் அனுமதிக்க வேண்டும். அடுத்த செமஸ்டரிலும் தொடர்ந்தால் புதிய கடிதத்தோடு மறுபடி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கையில் வந்த பிறகுதான் பாடத்தை விட வேண்டும். விட்டுவிட்டு அனுமதி கேட்பவரிடம் அந்த அதிகாரியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.